ஐம்பது மீட்டர் தொலைவில்

விளக்குக் கம்பம் தன் இடத்தில்தான் நின்றது. கார்தான் போய் அதன்மேல் ஏறியது.

அந்த நேரத்தில் பின்சீட்டில் இருந்த புலவர் கம்பத்தையும் பார்க்கவில்லை, தெருவையும் பார்க்கவில்லை. மடியில் நோட்டு, விரலிடுக்கில் பென்சில், வாயோரத்தில் ஒரு சிரிப்பு. தான் எழுதிய வாக்கியம் ஒரு பெண்ணின் அழகான குரலில் ஸ்பீக்கர் வழியாக வந்துகொண்டிருந்தது. அதை அவரும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார், தன் கவிதையை மேடையில் வேறொருவர் வாசிக்கக் கேட்கும் கவிஞரைப்போல.

“அன்புகூர்ந்து, ஐம்பது மீட்டர் தொலைவில் அமைந்துள்ள சாலைச் சந்திப்பில் இடதுபுறமாகத்…”

‘திரும்பவும்’ என்பதை அவர் கேட்கவில்லை. டயர் கிறீச்சிட்டது, ஒரு பெரிய ‘டம்’, அப்புறம் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாக விழும் சின்னச் சத்தம். பென்சில் நோட்டைக் குத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அவர் நெற்றி முன்சீட்டின் முதுகில் மோதி நிமிர்ந்தது. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவர் தங்கையின் கணவர், வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு, ரொம்ப மெதுவாக, “மச்சான், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மனசாட்சியுள்ள எந்த மனிதனும் உடனே பதில் சொல்லியிருப்பான். புலவர் சொன்னது இது: “வாக்கியம் முடிஞ்சுதா?”

அந்த அசட்டுத்தனத்தை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். ஆனால் அது அப்படியொன்றும் கெட்ட கேள்வி இல்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது.

புலவர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வாழ்நாளில் ஒரு பாட்டும் எழுதியதில்லை. காபி மெஷின் பக்கத்தில் ‘கோப்பையைக் கழுவி வைப்பவர் நெஞ்சில் அன்பு ஊறும்’ என்று ஒரு சீட்டு ஒட்டினார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவர் புலவர். கோப்பை என்னவோ கழுவப்படவேயில்லை. கார்களுக்கு வழிசொல்லும் குரலை வெவ்வேறு மொழிகளில் தயாரிக்கும் நிறுவனம் அது. தமிழ் முழுக்க அவர் பொறுப்பு. அறுநூற்று நாற்பது வரிகள். ‘திரும்பவும்’, ‘நேராகச் செல்லவும்’, ‘ரவுண்டானாவில் இரண்டாவது வழியில் வெளியேறவும்’, ‘மேம்பாலத்தில் ஏற வேண்டாம்’ என்று ஒவ்வொன்றையும் அவர்தான் மொழிபெயர்த்து எழுதினார். தூரங்கள் தனித்தனித் துண்டுகளாகப் பதிவாயின. ஐம்பது மீட்டர், நூறு மீட்டர், முந்நூறு மீட்டர். ஓட்டும்போது கருவி தேவையான துண்டுகளை எடுத்து ஒட்டி ஒரு வாக்கியமாக்கிச் சொல்லும்.

தன் தங்கையின் கணவரைச் சோதனை ஓட்டுநராகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். இருபத்திரண்டு வருஷம் டாக்சி ஓட்டியவர். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. “எங்க மாப்ளய விட்டா வேற ஆள் இல்ல” என்று பெருமையடித்துச் சேர்த்தார். சோதனையின் விதி ஒன்றே ஒன்று: திரையை மூடிவிட வேண்டும். வரைபடம் கண்ணில் படக் கூடாது. காதில் விழுவதை மட்டும் கேட்டு ஓட்ட வேண்டும். அப்போதுதான் குரல் போதுமா என்று தெரியும். திருப்பம் ஒன்று தவறினால் புலவரின் தாளில் அந்த வாக்கியத்துக்கு ஒரு சிவப்புக் குறி.

மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் என்றார்கள், அதற்குப் பிறகு பயிற்சி, அதற்குப் பிறகும் பழைய பிடி வருமா என்றால் பார்க்கலாம் என்றார்கள். டாக்டர்கள் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று புலவருக்குத் தெரியும். அவரும் மொழிபெயர்ப்பாளர்தானே.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் திட்டப் பொறுப்பாளர் அவரைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதுப் பெண். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே பேசுபவர்.

“சார், விஷயம் முடிஞ்சுது. நீங்க கவலப்படாதீங்க.”

“எது முடிஞ்சுது?”

“விபத்து விசாரணை. பதிவப் பாத்துட்டோம். சந்திப்புக்குச் சரியா ஐம்பது மீட்டர் முன்னாடி குரல் ஆரம்பிச்சிருக்கு. வண்டி வேகம் முப்பத்தாறு. எல்லாம் விதிப்படி. ஓட்டுநரும் கையெழுத்துப் போட்டுட்டார்.”

“எதுல?”

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அச்சடித்த கேள்விகளுக்குக் கீழே, இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் ஒரு வரி: ‘என் கவனக்குறைவு. குரல் சரியாகவே சொன்னது.’

புலவர் அந்த வரியை மூன்று முறை படித்தார். அவருடைய மாப்பிள்ளை வலக்கைக்காரர்.

“குரல் ஆரம்பிச்ச நேரம் இருக்கு, சரி. முடிஞ்ச நேரம் இருக்கா?”

“அதப் பதிவு பண்றதில்ல சார். ஆரம்பிக்கிறது மட்டுந்தான்.”

“அப்போ ‘இடது’ங்கிற வார்த்த எப்ப காதுல விழுந்துச்சு?”

பொறுப்பாளர் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “சார், இன்னும் மூணு வாரத்துல இது வெளிய போகுது. ஓட்டுநரே தன் தப்புன்னு சொல்லிட்டார். இப்போ குறைன்னு ஒண்ணு பதிவு பண்ணணும்னா ஓட்டினவர் வாக்குமூலம் வேணும். அவர்தான் வேற மாதிரி எழுதிட்டாரே. நீங்க என்ன சொல்ல வர்றீங்க?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க? வாக்கியந்தான் காரணமா?”

“நெறைய காரணங்கள் இருக்கலாம் சார்.”

நெறைய காரணங்கள். இதைவிட அழகாக ஒரு கதவைச் சாத்த முடியாது. புலவர் தன் மேசைக்குத் திரும்பி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வாக்கியத்தைப் போட்டுக் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு முறை கேட்டார்.

அவர் எழுதும்போது நேரம் பார்க்காமல் இல்லை. தானே வாய்விட்டுப் படித்துத்தான் பார்த்தார். நாலு நொடி. ஆனால் அவர் படிப்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் படிப்பதுபோல. ஒலிப்பதிவுக்கு வந்த அம்மாவோ செய்தி வாசித்துப் பழகியவர். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து, மினுக்கி, மேசைமேல் வைப்பார். அவர் வாயில் அது ஆறரை நொடி. ‘அன்புகூர்ந்து’ என்பதற்கு ஒரு நொடி. அதற்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அன்பு ஊறுவதற்கு. ‘தொலைவில் அமைந்துள்ள சாலைச் சந்திப்பில்’ என்று முடிந்து ‘இடது’ என்று வரும்போது ஐந்தாவது நொடி முடிந்துகொண்டிருந்தது.

முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். ஐம்பது மீட்டருக்கு ஐந்து நொடி.

கணக்கில் எப்போதும் வாலில் நின்ற புலவருக்கு இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் வேதனை.

வழக்கமாக முந்நூறு மீட்டருக்கு முன்பே ஒரு முறை சொல்லிவிடும். கடைசி வாக்கியம் ஞாபகப்படுத்தத்தான். ஆனால் அன்று அவர்கள் அப்போதுதான் ஒரு தெருவில் வலப்பக்கம் திரும்பியிருந்தார்கள். அங்கிருந்து அடுத்த இடது திருப்பம் நூற்றிருபது மீட்டர்தான். முன்கூட்டிச் சொல்ல இடமே இல்லை. அந்த ஒரே வாக்கியந்தான். அதையும் அவர் அன்பில் தோய்த்து அனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை ஜன்னலோர நாற்காலியில், கட்டுப் போட்ட கையை ஒரு தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே போகிற வண்டிகளைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை.

“வாங்க மச்சான்.”

“மாப்ள, நேரா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்தக் குரல்…”

“காபி குடிக்கிறீங்களா?”

“காபி இருக்கட்டும். வாக்கியம் நீளமா இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு. கேக்க இதமா இருந்துச்சு.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான்தான் எங்கயோ கவனமா இருந்துட்டேன்.”

“எங்க?”

“ஞாபகமில்ல மச்சான்.”

இருபத்திரண்டு வருஷத்தில் ஏற்றிய ஒவ்வொரு பயணியும் எந்த மூலையில் இறங்கினார் என்று சொல்லக்கூடிய மனிதர். ஞாபகமில்லையாம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தங்கை வந்தாள். “அண்ணா, நீ அவர நோண்டாத.”

“நான் நோண்டலம்மா. உண்ம என்னன்னு…”

“அவருக்கு ராத்திரி தூக்கமில்ல. திரும்பத் திரும்பக் கைய இப்படிச் சுத்திப் பாக்கறார். இனிமே வண்டிய தொட மாட்டேங்கறார். நீ வந்து வாக்கியம் நீளமா குட்டையான்னு கேட்டுக்கிட்டு இருக்க. உனக்குத் தமிழ விட்டா வேற கவலயே கெடயாதா?”

அவள் சொன்னதில் முக்கால்வாசி நியாயம். மீதிக் கால்வாசியைத்தான் அவரால் விட முடியவில்லை. மாப்பிள்ளை ஏன் அப்படி எழுதிக் கொடுத்தார் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. மச்சான் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது. அந்த ஒரு வரியால் அவர் மச்சானைக் காப்பாற்றினார். அதே வரியால் அந்த வாக்கியத்தையும் காப்பாற்றிவிட்டார். மூன்று வாரம் கழித்து அது ஆயிரக்கணக்கான கார்களில், நெருங்கிய இரண்டு திருப்பங்களுக்கு நடுவே, அன்புகூர்ந்து பேசப்போகிறது. அந்தக் கார்களில் எதிலும் பின்சீட்டில் அதை ரசிக்க அவர் இருக்கப்போவதில்லை.

புலவர் யாரிடமும் சொல்லாமல் புதிதாக எழுத ஆரம்பித்தார். முதலில் ‘அன்புகூர்ந்து’ போனது. அறுநூற்று நாற்பது வரிகளிலும் அதை அடிக்கும்போது தன் குழந்தைகளுக்குத் தானே மொட்டையடிப்பதுபோல இருந்தது. ‘அமைந்துள்ள’ போனது. சாலைச் சந்திப்பு எங்கேயோ அமைந்திருக்கட்டும். ஓட்டுகிறவருக்கு அது கண்ணில் படும். ‘இடதுபுறமாகத் திரும்பவும்’ என்பது ‘இடது பக்கம் திரும்புங்க’ ஆனது. வலதும் இடதும் முதல் இரண்டு எழுத்தில்தான் வேறுபடுகின்றன. மீதி எல்லாம் ஒன்று. அதனால் அந்த இரண்டு எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று ஓரத்தில் குறித்தார். கடைசி நேர வாக்கியத்தில் தூரமே வேண்டாம்: ‘இடது. இடது பக்கம் திரும்புங்க.’ முதல் நொடியிலேயே திசை வந்துவிடும். இரண்டாவது தடவை, முதல் தடவை காதில் விழாதவருக்கு. நெருங்கிய இரண்டு திருப்பங்கள் வந்தால் முதல் திருப்பத்துக்கு முன்பே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: ‘வலது பக்கம் திரும்பி, உடனே இடது.’ ஐந்நூறு மீட்டரை ‘அரை கிலோமீட்டர்’ என்றார். ஒன்று புள்ளி ஐந்தை ‘ஒன்றரை’ என்றார். வாயில் எப்படி வருகிறதோ அப்படி. துண்டுகளை எந்த வரிசையில் ஒட்டுவது என்பதை மொழிக்கு மொழி மாற்றிக்கொள்ளக் கருவியில் வழி இருந்தது. தமிழுக்கு அதை யாரும் மாற்றிக் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை.

இதையெல்லாம் பொறுப்பாளருக்கு அனுப்பினார். பதில் வந்தது: ‘நன்றாக இருக்கிறது சார். ஆனால் குறை பதிவாகாமல் மறுபதிவு செய்ய முடியாது.’

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

“மாப்ள, ஒரு உதவி. ஒரு மணி நேரம்.”

“நான் ஓட்ட மாட்டேன் மச்சான்.”

“நீங்க ஓட்ட வேணாம். நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்தா போதும்.”

மாப்பிள்ளையின் முகத்தில் விபத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு உணர்ச்சி தெரிந்தது. பயம். “நீங்களா?”

“நானேதான். எறும்பு முந்திக்கிட்டுப் போகும்னு நீங்க கிண்டல் பண்ணுவீங்களே, அதே நான்.” பிறகு உள்ளே பார்த்து, “தங்கச்சி, உன் வாளி நாலு குடு” என்றார்.

“எதுக்கு?”

“சாலைச் சந்திப்பு செய்யறதுக்கு.”

ஊருக்கு வெளியே ஒரு கிடங்கின் வண்டி நிறுத்துமிடம். ஞாயிறு என்பதால் ஒரு ஈ காக்கை இல்லை. புலவர் டேப்பைப் பிடித்து அளந்தார். குனிந்து நிமிர்ந்து அவர் அளப்பதை மாப்பிள்ளை காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் திரும்ப இரண்டு வாளிகளுக்கு நடுவே ஒரு வழி, வலப்பக்கம் திரும்ப இரண்டு வாளிகளுக்கு நடுவே ஒரு வழி. ஐம்பது மீட்டர் முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு.

“இந்த ஃபோன்ல ரெண்டு பதிவு இருக்கு. ஒண்ணு இடது, ஒண்ணு வலது. ரெண்டும் அதே பழைய வாக்கியம். கோட்டத் தாண்டும்போது நீங்க எதையாவது ஒண்ணப் போடுங்க. எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க.”

“மச்சான், இது எதுக்கு…”

“போடுங்க மாப்ள.”

முப்பத்தாறில் முள் நின்றது. கோடு வந்தது. மாப்பிள்ளையின் இடது கட்டைவிரல் அசைந்தது.

“அன்புகூர்ந்து,” என்றது குரல். புலவர் காத்திருந்தார். “ஐம்பது மீட்டர் தொலைவில்…” வாளிகள் வந்துகொண்டிருந்தன. தன் வாக்கியத்தை முதல்முறையாக அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து கேட்டார். பின்சீட்டில் தேனாக இருந்தது, முன்சீட்டில் கொட்டாவியாக இருந்தது. “அமைந்துள்ள சாலைச்…” ‘சொல்லித் தொலையேன்’ என்று அவர் உதடு அசைந்தது. “சந்திப்பில் வலது…” அவர் வளைத்தார். வாளி ஒன்று காருக்கு அடியில் போய்ப் பரிதாபமாக நொறுங்கியது.

“இன்னொரு தடவ,” என்றார் புலவர்.

இரண்டாவது தடவை மெதுவாக வளைத்தார். இரண்டு வாளிகளையும் தாண்டிச் சுவருக்குப் பத்தடி முன்னால் நின்றார். மூன்றாவது தடவை பொறுக்க முடியாமல் வார்த்தை வருமுன்பே ஒரு பக்கம் வளைத்தார். அது தப்பான பக்கம். தங்கையின் இரண்டாவது வாளியும் முடிந்தது.

எஞ்சினை நிறுத்தினார்.

“இப்போ புதுசு,” என்று அவரே ஃபோனை வாங்கி, தன் குரலில் பதிவு செய்திருந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தார். “இதுலயும் ரெண்டு இருக்கு. சொல்லாமப் போடுங்க.”

“இடது. இடது பக்கம் திரும்புங்க.” கரகரப்பான, ஜலதோஷம் பிடித்த குரல். கார் மீதமிருந்த இரண்டு வாளிகளுக்கு நடுவே, புது மாப்பிள்ளை வாசல்படி ஏறுவதுபோல அடக்கமாகத் திரும்பி நின்றது.

புலவர் எஞ்சினை மறுபடி நிறுத்தினார்.

“மாப்ள,” என்றார் புலவர் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடியே. “என் வேல போகாது. போனாலும் போகட்டும். நீங்க எழுதிக் குடுத்த அந்த ஒரு வரியால அந்த வாக்கியம் அப்படியே வெளிய போகப்போகுது. யாரோ ஒருத்தர், உங்கள மாதிரி கீறல் விழாம ஓட்டறவர், பின்னாடி கொழந்தைங்கள வச்சுக்கிட்டு, நான் எழுதினது முடியட்டும்னு காத்துக்கிட்டு இருப்பார். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். நெறைய காரணங்கள்ங்கறாங்க. நோண்டாதங்கறாங்க. இதமா இருந்துச்சுங்கறீங்க. எனக்கு ஆறுதல் வேணாம். என்ன நடந்துச்சு?”

மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையை மடியில் மெல்லத் திருப்பி வைத்தார். விரல் நுனிகள் வீங்கியிருந்தன. வெளியே நொறுங்கிய வாளியின் ஒரு துண்டு காற்றில் புரண்டுகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு திரும்பி, விபத்துக்குப் பிறகு முதல்முறையாக, புலவரின் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

“வார்த்த வந்தப்போ நான் சந்திப்புக்குள்ளேயே இருந்தேன் மச்சான். நேரா விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. வேற யார் வண்டியா இருந்தாலும் நேரா விட்டிருப்பேன். ஆனா நீங்க பின்னாடி உக்காந்து கூடவே சொல்லிக்கிட்டு வந்தீங்க. கண்ணாடியில பாத்தேன், முகத்துல அவ்ளோ சந்தோஷம். திருப்பத்த விட்டா உங்க தாள்ல செவப்புக் குறி விழுமேன்னு ஒடிச்சுட்டேன். அது நான் பண்ணின தப்பு. ஆனா நான் கவனக்குறைவா இல்ல. ஒவ்வொரு எழுத்தயும் கேட்டேன். இடிச்சது உங்க வாக்கியந்தான். நாளைக்கு அப்படியே எழுதித் தர்றேன்.”